சிக்கரியை விட்டுவிட்டு அக்ரிலமைடு பேச முடியாது

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் காபியைப் பற்றி இரண்டு விதமான பயமுறுத்தல் மாறி மாறி வரும். காபிக்கொட்டையை வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற புற்றுநோய் நஞ்சு உண்டாகிறது, ஆகவே காபியை நிறுத்துங்கள் என்பது ஒன்று. காபிக்கொட்டையில் பூஞ்சை நஞ்சு இருக்கிறது, ஆகவே 'நஞ்சில்லாச் சான்று' பெற்ற எங்கள் காபியை மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்குங்கள் என்பது இன்னொன்று. முதலாவது காபியை விடச் சொல்கிறது, இரண்டாவது காபியை விற்கப் பார்க்கிறது.

இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்தச் செய்திகள் கைகாட்டும் இடத்தில் அது இல்லை. நாம் குடிக்கிற பில்டர் காபியில் அக்ரிலமைடின் பெரும்பங்கு காபியிலிருந்து வருவதில்லை, சிக்கரியிலிருந்து வருகிறது. பூஞ்சை நஞ்சு நம் சமையலறை டப்பாவில் உருவாவதில்லை, மலையில் பழம் காயும் களத்தில் உருவாகிறது. அங்கே கெட்டுப்போன சரக்கு எந்த விலைத் தூளில் போய்ச் சேர்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் எதற்குக் கவலைப்படலாம், எதை ஒதுக்கிவிடலாம் என்பது தெளிவாகும்.

அக்ரிலமைடு எப்படித் தெரிய வந்தது

1997இல் சுவீடனில் ஹாலண்ட்சோஸ் என்ற மலையைக் குடைந்து ரயில் சுரங்கம் அமைத்தார்கள். நீர்க்கசிவை அடைக்கப் பயன்படுத்திய பூச்சில் அக்ரிலமைடு இருந்தது. அது ஓடைநீரில் கலந்து மீன்கள் செத்தன, மாடுகள் கால் விழுந்து படுத்தன. தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்த விஞ்ஞானிகள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சுரங்கத்தோடு சம்பந்தமே இல்லாதவர்களின் ரத்தத்தையும் எடுத்தார்கள். அவர்களிடமும் அக்ரிலமைடின் தடயம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப்போன வழிதான் 2002இல் உணவில் கொண்டுபோய் நிறுத்தியது.

அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் குளுக்கோஸ், பிரக்டோஸ் போன்ற சர்க்கரையும் சேர்ந்து சுமார் 120 டிகிரிக்கு மேல் ஈரமில்லாமல் சூடானால் அக்ரிலமைடு பிறக்கிறது. தண்ணீரில் வேகும் பண்டம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை என்பதால் இட்லியிலும் புட்டிலும் இந்தப் பிரச்சினை கிடையாது. உருளைக்கிழங்கு சிப்ஸ், ரொட்டியின் கருகிய ஓரம், வறுத்த காபி, வறுத்த சிக்கரி ஆகியவற்றில் உண்டு. நிறமும் மணமும் எந்த வினையால் வருகின்றனவோ அதே வினையின் பக்கவிளைவு இது. ஆகவே அக்ரிலமைடே இல்லாத வறுத்த காபி என்று யாராவது விற்றால், ஒன்று அது வறுக்காத காபி, இல்லையென்றால் பொய்.

காபியில் இது நடக்கும் விதம் கொஞ்சம் வித்தியாசமானது. வறுக்கத் தொடங்கி, பச்சைக்கொட்டை மஞ்சளாகி இளம்பழுப்புக்குப் போகும் கட்டத்தில் அக்ரிலமைடு மளமளவென்று ஏறி உச்சத்தைத் தொடும். அதற்குள் அஸ்பராஜின் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதன்பிறகு சூடு ஏற ஏற, உண்டாவதைவிட அழிவது அதிகமாகிறது. முதல் வெடிப்புச் சத்தம் கேட்டு, கொட்டை நன்றாகப் பழுப்பேறி இறக்கும்போது உச்சத்தில் இருந்ததில் சிறுபங்குதான் மிஞ்சும். எனவே இளவறுவல் காபியில் அக்ரிலமைடு கூடுதல், கருவறுவலில் குறைவு. 'லைட் ரோஸ்ட்தான் உடம்புக்கு நல்லது, கருக வறுத்தால் அக்ரிலமைடு' என்று சொல்கிறவர்கள் உருளைக்கிழங்கின் கதையைக் காபிக்குச் சொல்கிறார்கள். உருளைக்கிழங்கில் கருகக் கருகக் கூடும், காபியில் நேர் எதிர்.

அதற்காகக் கரியாக வறுத்துக் குடிக்க வேண்டியதில்லை. வறுவல் எல்லை மீறினால் பியூரான் போன்ற வேறு சேர்மங்கள் ஏறும், காபியின் நல்ல அமிலங்கள் அழியும், சுவையும் சாம்பலாகும். நம் ஊர் பில்டர் காபிக்கு வழக்கமாக வறுக்கும் மிதமான கருமையே இந்த விஷயத்தில் போதுமானது. வீட்டில் இரும்புச் சட்டியில் வறுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. தீ அதிகமாகி, கிளறுவது குறைந்தால் வெளிப்புறம் கறுத்து உள்ளே இளம்பழுப்பாகவே நின்றுவிடும். கொட்டையைப் பார்த்தால் கருவறுவல், உள்ளே இருப்பது இளவறுவல். இரண்டு கொட்டைகளைக் கத்தியால் பிளந்து, உள்நிறமும் வெளிநிறமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். 200 கிராம் கொட்டைக்கு மிதமான தீயில், விடாமல் கிளறி, 12 முதல் 15 நிமிடம் பிடித்தால் சரியாக வரும். ஐந்தாறு நிமிடத்தில் கறுத்துவிட்டால் தீ அதிகம் என்று பொருள்.

ஒரு வீட்டுக் கணக்கு

இனி சிக்கரி. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் கொண்டுவந்த விதியில் அக்ரிலமைடுக்கு அளவுகோல்கள் இருக்கின்றன. இவற்றைத் தாண்டினால் நஞ்சு என்ற பொருளில்லை. நன்றாகத் தயாரிக்கிறவர்களால் இந்த அளவுக்குள் நிற்க முடியும், தாண்டினால் தொழிற்சாலை தன் முறையைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். ஒரு கிலோ வறுத்த காபிக்கு 400 மைக்ரோகிராம். முழுக்கச் சிக்கரியால் ஆன காபி மாற்றுக்கு 4000 மைக்ரோகிராம். பத்து மடங்கு. சிக்கரிக்கு ஏன் இவ்வளவு தாராளம் என்றால், அதைக் குறைப்பது கடினம் என்பதால்தான். அது வேர். அதில் அஸ்பராஜினும் உண்டு, சர்க்கரையும் தாராளமாக உண்டு. காபியைப் போல வறுவலின் கடைசியில் பெரும்பகுதி அழிந்துபோகிற அளவுக்கு அதை வறுத்தால் வேர் கரியாகிவிடும்.

இதை வைத்து ஈரோட்டில் ஒரு வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் காலையும் மாலையும் ஒவ்வொரு டம்ளர் குடிக்கிறார். டம்ளருக்குப் பத்து கிராம் தூள், நாளைக்கு இருபது கிராம். கடையில் வாங்குவது எழுபதுக்கு முப்பது கலவை. தூளில் உள்ள அக்ரிலமைடு முழுவதும் டிகாஷனில் இறங்குவதாகவே வைத்துக்கொள்வோம். அது தண்ணீரில் எளிதாகக் கரைவது, ஆகவே இது பெரிய மிகையில்லை. இரண்டு பொருளும் மேலே சொன்ன அளவுகோலின் உச்சத்தில் இருப்பதாகவும் கொள்வோம்.

காபி 14 கிராம். அதிலிருந்து 5.6 மைக்ரோகிராம். சிக்கரி 6 கிராம். அதிலிருந்து 24 மைக்ரோகிராம். மொத்தம் ஏறக்குறைய 30. தூளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத சிக்கரி, அக்ரிலமைடில் ஐந்தில் நான்கு பங்கைக் கொடுக்கிறது. இதே மனிதர் சிக்கரி கலக்காத தூளில் அதே இரண்டு டம்ளர் குடித்தால் 8 மைக்ரோகிராம்தான். சட்டம் அனுமதிக்கிற கடைசி எல்லையான ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்பது கலவையானால் 43.

இன்ஸ்டன்ட் காபிக்கு ஐரோப்பிய அளவுகோல் 850. கிலோவுக்குப் பார்த்தால் வறுத்த காபியைவிட இருமடங்குக்கு மேல். ஆனால் ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம்தான் போடுகிறோம், ஆகவே 1.7 மைக்ரோகிராம். கிலோக் கணக்கை மட்டும் காட்டி 'இன்ஸ்டன்டில் இரட்டிப்பு நஞ்சு' என்று போடும் படங்களை நம்ப வேண்டியதில்லை. இங்கே விற்கும் இன்ஸ்டன்டிலும் பலவற்றில் சிக்கரி உண்டு என்பதை மட்டும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, 30 மைக்ரோகிராம் என்பது பயப்பட வேண்டிய அளவா? அறுபது கிலோ உடம்புக்கு அது கிலோவுக்கு அரை மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் விலங்குச் சோதனைகளை ஆராய்ந்து, கட்டி வருவது பத்து சதம் கூடுவதோடு தொடர்புள்ள கீழ்மட்ட அளவு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 170 மைக்ரோகிராம் என்று எடுத்துக்கொண்டது. நம் ஈரோட்டுக்காரர் அதில் 340இல் ஒரு பங்கில் நிற்கிறார். மரபணுவைத் தாக்கக்கூடிய பொருளுக்கு இந்த இடைவெளி 10,000 மடங்காவது இருந்தால்தான் கவலை குறைவு என்று அந்த ஆணையம் கருதும். அந்தக் கண்ணால் பார்த்தால் 340 போதாது. சிக்கரியே இல்லாமல் குடித்தாலும் 1,275 மடங்குதான் வரும், அதுவும் போதாதுதான். ஐரோப்பாவில் சராசரியாகச் சாப்பிடும் பெரியவருக்கும் இடைவெளி சில நூறு மடங்கே. உணவை வறுத்தும் சுட்டும் தின்னும் எந்த மக்கள் கூட்டமும் அந்தப் பத்தாயிரத்தை எட்டவில்லை.

எலிக்குக் கட்டி வந்தது உண்மை. மனிதரிடம் அது தென்படுகிறதா? உணவில் அக்ரிலமைடு அதிகம் சேர்க்கிறவர்களுக்குப் புற்றுநோய் கூடுகிறதா என்று பல ஆய்வுகள் பார்த்துவிட்டன. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் முடிவு கிடைக்கவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994இல் அக்ரிலமைடைப் 'பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வரிசையில் வைத்தது. அதே முகமை 2016இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, காபிக்கு 1991இல் கொடுத்திருந்த சந்தேக முத்திரையை நீக்கியது. ஈரல் புற்றுநோயும் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் காபி குடிக்கிறவர்களிடம் குறைவாகவே காணப்படுகின்றன என்றும் சொன்னது. அக்ரிலமைடு தனியாக ஒரு பொருள், காபி ஆயிரம் பொருள் கலந்த பானம். ஒன்றின் முத்திரையை மற்றதன் நெற்றியில் ஒட்டியதுதான் கலிபோர்னியாவில் நடந்தது. 2018இல் அங்கே ஒரு நீதிமன்றம் காபிக் கடைகளில் எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்று தீர்ப்பளித்தது, உலகம் முழுவதும் செய்தியானது. அடுத்த ஆண்டே அந்த மாநில அரசு விதியை மாற்றிக் காபிக்கு விலக்குக் கொடுத்தது. அது செய்தியாகவில்லை. இன்றும் இங்கே சுற்றுவது அந்த முதல் செய்திதான்.

அதே 2016 அறிக்கையில், 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்க்குப் 'பெரும்பாலும்' கேடு என்று ஒரு வரி இருந்தது. 'சூடா ஒரு காபி' என்று கேட்டு வாங்கி, நுரை அடங்குமுன் இறக்கிவிடுகிறவர்களுக்கு அக்ரிலமைடைவிட இதுதான் நெருக்கமான விஷயம். டபராவில் இரண்டு தரம் ஆற்றினாலே சூடு நன்றாக இறங்கிவிடும்.

எங்கள் முடிவு இதுதான்: காபியில் உள்ள அக்ரிலமைடுக்காகக் காபியை விடுவது வீண்பயம். சிக்கரியைக் குறைப்பது செலவில்லாத நல்ல யோசனை. வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் இந்தப் பேச்சையே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் புகையிலைப் புகையில் அக்ரிலமைடு தாராளமாக இருக்கிறது. குழந்தைகள் இருந்தால் சிப்ஸ் பாக்கெட்டிலிருந்து தொடங்கலாம். உருளைக்கிழங்கு சிப்ஸுக்கு அளவுகோல் 750. ஐம்பது கிராம் பாக்கெட் ஒன்றில் 37 மைக்ரோகிராம் வரை வரலாம். அதைத் தின்கிற பிள்ளையின் எடை இருபது கிலோ.

சிக்கரியைக் குறைத்தால் என்ன ஆகும்

குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளையும் இந்த வேரை நாம் சேர்ப்பதற்குக் காரணம் விலை மட்டுமில்லை. டிகாஷனுக்குக் கருநிறமும் கெட்டித்தன்மையும் அதுதான் கொடுக்கிறது. நாற்பது சதத்திலிருந்து ஒரேயடியாகச் சுத்தக் காபிக்கு மாறினால் முதல் நாளே வீட்டில் முணுமுணுப்பு வரும். டிகாஷன் செம்பழுப்பாக, நீர்த்தாற்போல இருக்கும், பாலில் ஊற்றினால் பால்தான் தெரியும். புளிப்பும் கொஞ்சம் தட்டும். பெரும்பாலோர் இங்கேதான் பழைய கலவைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அதற்கு வழி, பத்து சதத்தில் நிறுத்துவது. மேலே போட்ட கணக்கில் காபி 18, சிக்கரி 2 கிராம் என்றால் மொத்தம் 15 மைக்ரோகிராம். முப்பது சதக் கலவைக்குச் சரிபாதி. விட்டுப்போன கெட்டித்தன்மையைக் கொட்டையிலேயே தேடலாம். அரபிகா வகையில் பிளாண்டேஷன் ஏ அல்லது பீபெரி தரம் அறுபது பங்கு, தோல் நீக்கிக் காயவைத்த ரோபஸ்டா பார்ச்மென்ட் நாற்பது பங்கு, சற்றே கருவறுவல், பில்டர் அரைப்பில் கொஞ்சம் நைசு என்று கேட்டால் பாலைத் தாங்கும் டிகாஷன் கிடைக்கும். ரோபஸ்டாவில் அரபிகாவைவிட அஸ்பராஜின் கூடுதல், ஆகவே அக்ரிலமைடும் சற்றுக் கூடும். ஆனால் சிக்கரியோடு ஒப்பிட்டால் அது கணக்கில் வராத வித்தியாசம்.

பில்டரில் போடும் விதத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். சிக்கரி தண்ணீரை உறிஞ்சி உப்பி, ஓட்டையை அடைத்துக்கொண்டு டிகாஷனை மெதுவாக இறக்கும். அது குறைந்தால் தண்ணீர் வேகமாக ஓடிவிடும், சாறு இறங்காது. ஆகவே தூளைக் கொட்டிக் குடைத்தட்டால் முன்பைவிடக் கொஞ்சம் அழுத்தி, முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் வெந்நீர் ஊற்றி, அரை நிமிடம் விட்டு, பிறகு மீதியை ஊற்றவும். இருபது கிராம் தூளுக்கு நூறு மில்லி போதும். பதினைந்து இருபது நிமிடத்தில் இறங்கி முடிந்தால் சரி. ஐந்து நிமிடத்தில் கீழே வந்துவிட்டால் அரைப்பு பெரிது என்று பொருள், அடுத்த தடவை அரைக்கும் கடையில் சொல்லலாம்.

பாக்கெட்டில் சிக்கரி எத்தனை சதம் என்று அச்சிட்டிருக்க வேண்டும், காபி ஐம்பத்தொரு சதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் கடையில் "சிக்கரி நூத்துக்குப் பத்து போதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே கீழே இறங்கும். அளவை இது சொல்லாது. ஆனால் 'சுத்தக் காபிங்க' என்று கொடுத்த தூளில் கோடு விழுந்தால் வேறு கடை பார்க்கலாம்.

களத்தில் பிறக்கும் நஞ்சு

பூஞ்சை நஞ்சு என்று பொதுவாகச் சொல்வதில் காபிக்குப் பொருந்துவது ஒக்ராடாக்சின் ஏ. 1965இல் தென்னாப்பிரிக்காவில் கண்டுபிடித்தது. ஆஸ்பெர்ஜில்லஸ் இனத்துப் பூஞ்சைகள் சில இதை உண்டாக்குகின்றன. முக்கியமாகச் சிறுநீரகத்தைத் தாக்கும். அப்லாடாக்சின் வேறு, அது காபியில் பெரிய தொல்லை இல்லை. அதற்குப் பயப்பட வேண்டிய இடம் நிலக்கடலையும் மக்காச்சோளமும்தான். நாமக்கல் கோழித்தீவன ஆலைகள் சோளத்தை இறக்குமுன் அப்லாடாக்சின் பார்ப்பது சும்மா இல்லை.

காபிப் பழம் பறித்த உடனே அதில் ஈரம் மிக அதிகம். அந்த ஈரத்தில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும்தான் ஆட்சி செய்யும், இந்தப் பூஞ்சை அவற்றோடு போட்டிபோட முடியாது. நன்றாகக் காய்ந்தபின் யாராலும் வளர முடியாது. ஆபத்து நடுவில் இருக்கிறது. மற்றவை ஓய்ந்து, பூஞ்சைக்கு மட்டும் போதுமான ஈரம் இருக்கும் அரைக்காய்ச்சல் கட்டம். காபியில் பூஞ்சை நஞ்சைத் தடுக்க, பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2009இல் கொண்டுவந்த நடைமுறை விதி இதைத்தான் சொல்கிறது: அந்த நடுக்கட்டத்தை ஐந்து நாளுக்குள் தாண்டிவிட்டால் நஞ்சு சேராது, முடிவில் ஈரம் 12.5 சதத்துக்குக் கீழே வந்து அங்கேயே நிற்க வேண்டும்.

ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் இந்த ஐந்து நாள் எளிதில்லை. அரபிகா அறுவடை தொடங்கும் நவம்பரில் வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்காது. களத்தில் பரப்பிய பழம் மூன்று நாள் வெயில் கண்டு, நாலாம் நாள் மழையில் நனைந்தால் நடுக்கட்டம் முதலிலிருந்து தொடங்கும். வால்பாறைப் பக்கம் பின்னால் பறிக்கும் ரோபஸ்டாவுக்கு டிசம்பர், ஜனவரி வெயில் கிடைக்கிறது. ஆனால் அதைப் பெரும்பாலும் முழுப்பழமாகவே, செர்ரியாகக் காயப்போடுகிறார்கள். தோலும் சதையும் சேர்ந்திருப்பதால் காய இரண்டு வாரம் வரை பிடிக்கும். பல்ப்பரில் தோலை நீக்கிப் பார்ச்மென்டாகக் காயப்போட்டால் கிட்டத்தட்ட பாதி நாளே.

ஆகவே களத்தில் செய்ய வேண்டியவை: மண்தரையில் காயப்போடாமல் சிமென்ட் களத்திலோ வலைமேடையிலோ பரப்புவது, 3 முதல் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பார்ப்பது, பகலில் மணிக்கொரு தரம் கிளறுவது, பாதி காய்ந்தபின் இரவில் குவித்து மூடுவது, நேற்றுப் பறித்ததோடு இன்று பறித்ததைக் கலக்காமல் இருப்பது. கடைசிச் சொன்னதில்தான் சிறு தோட்டங்களில் அதிகம் தவறுகிறார்கள். இடம் போதாமல் காய்ந்த குவியலின் மேலேயே பச்சைப் பழத்தைக் கொட்டினால், காய்ந்தது ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே பருப்பு கடகடவென்று ஆட வேண்டும். நாலில் ஒன்று ஊமையாக இருந்தாலும் மூட்டை கட்டக்கூடாது. கட்டிய மூட்டையை வெறும் சிமென்ட் தரையில் சுவரோடு ஒட்டி அடுக்கினாலும், தார்ப்பாய் இல்லாமல் மலையிறக்கினாலும் இத்தனை பாடும் வீண்.

இந்த நஞ்சு கொட்டைகளில் சமமாகப் பரவியிருக்காது. காய்ந்த பழத்தோலில் மிக அதிகம், கறுத்த, உடைந்த, பூசணம் தொட்ட கொட்டைகளில் அடுத்து. நல்ல முழுக்கொட்டையில் பெரும்பாலும் மிகக்குறைவு. கியூரிங் ஆலையில் தரம் பிரிக்கும்போது உடைசல், கறுப்பு, பழுப்பு ஆகியவை தனியே ஒதுங்கும். வியாபாரத்தில் அதற்கு பிபிபி என்று பெயர். அதைக் குப்பையில் கொட்டுவதில்லை, உள்நாட்டுச் சந்தையில் மலிவாக விற்கிறார்கள். நம்ப முடியாத விலையில் கிடைக்கும் 'காபித்தூளில்' அது போய்ச் சேர இடமுண்டு. பழத்தோலையே வறுத்து அரைத்துக் கலப்படம் செய்வதும் உண்டு. தூளாகிவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. கருவறுவலும் கூடுதல் சிக்கரியும் அந்த வாடையை மறைத்துவிடும்.

இதையும் கணக்காகப் பார்க்கலாம். வறுத்த காபியில் கிலோவுக்கு 3 மைக்ரோகிராம் என்று ஐரோப்பா 2023 முதல் வரம்பு வைத்திருக்கிறது, முன்பு 5 இருந்தது. அந்த வரம்பிலேயே உள்ள சுத்தக் காபித்தூளை நம் ஈரோட்டுக்காரர் நாளைக்கு இருபது கிராம் குடித்தால் 60 நானோகிராம் உள்ளே போகும். வாரத்துக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 7 நானோகிராம். உணவுச் சேர்க்கைகளுக்கான பன்னாட்டு வல்லுநர் குழு வாரத்துக்கு 100 வரை தாங்கும் என்றது. நல்ல கொட்டையில் பயத்துக்கு இடமில்லை என்பது இதில் தெரிகிறது. அதே மனிதர் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் உள்ள தோல் கலந்த தூளைக் குடித்தால் 70 ஆகிவிடும். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் என்று மற்றவற்றிலிருந்தும் கொஞ்சம் வரும் என்பதால் அங்கே மிச்சம் அதிகம் இல்லை.

வறுப்பதில் ஒக்ராடாக்சின் கணிசமாகக் குறையும், கருவறுவலில் இன்னும் குறையும். ஆனால் எவ்வளவு என்பது வறுவலுக்கு வறுவல் மாறும், அதை நம்பிக் கெட்ட கொட்டையை வாங்கக்கூடாது. டிகாஷனைக் கொதிக்க வைப்பதால் ஒன்றும் ஆகாது. வெந்நீரின் சூட்டுக்கு அது அசையாது.

வீட்டளவில் இதற்கு உள்ள ஒரே நல்ல காப்பு, தூளாக வாங்காமல் கொட்டையாகப் பார்த்து வாங்குவது. பச்சைக்கொட்டை வாங்கி வறுக்கிறவர்கள் ஒரு முறத்தில் கால்கிலோவைப் பரப்பி, கறுப்பு, பழுப்பேறியது, வெள்ளைப் பொடி படர்ந்தது, தோல்துண்டு ஆகியவற்றைப் பொறுக்கிவிட வேண்டும். பத்து நிமிட வேலை. ஒரு கைப்பிடி சேர்ந்தால் அந்தச் சரக்கையே திருப்பிக் கொடுக்கலாம். முகர்ந்து பாருங்கள், நல்ல பச்சைக்கொட்டை காய்ந்த புல்போல மணக்கும். ஈரச்சாக்கு வாடை அடித்தால் வேண்டாம். ஆனால் வாடை இல்லை என்பது நஞ்சு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது, ஏனென்றால் ஒக்ராடாக்சினுக்கு வாசமே கிடையாது. பூஞ்சை வந்துபோன தடத்தைக் கியூரிங்கில் பாலிஷ் போட்டு அழித்திருந்தாலும் நஞ்சு உள்ளே இருக்கக்கூடும். வறுத்த கொட்டை வாங்குகிறவர்கள், உடைசல் இல்லாமல் ஒரே அளவாக, ஒரே நிறமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வெளிறிய கொட்டைகள் பல கலந்திருந்தால் அது பழுக்காத காய், அதில் நஞ்சைவிடச் சுவைக்கேடுதான் அதிகம்.

சான்றிதழைப் படிப்பது

'பூஞ்சை நஞ்சு இல்லாதது' என்று சான்று காட்டி விற்கும் காபி இப்போது கோவையிலும் வந்துவிட்டது. சான்று பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அது சொல்வது சிறிது. கருவியால் காண முடியாத அளவுக்குக் கீழே இருந்தது என்பதே 'இல்லை' என்பதன் பொருள். அந்தக் கண்டறியும் எல்லை எவ்வளவு என்று தாளில் இருக்க வேண்டும். தொகுதி எண் இருக்க வேண்டும், அது கையிலுள்ள பாக்கெட்டின் எண்ணாக இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முந்தைய அறுவடைக்குச் செய்த சோதனையை இந்த வருடத்துக் கொட்டைக்குக் காட்டினால் அது வெறும் தாள். மாதிரி எடுத்த விதமும் முக்கியம். நஞ்சு சில கொட்டைகளில் மட்டும் குவிந்திருப்பதால், ஒரு மூட்டையின் மேலிருந்து அள்ளிய இருநூறு கிராம் நூறு மூட்டைக்குச் சாட்சி சொல்லாது. பல மூட்டைகளிலிருந்து எடுத்துக் கலந்து அரைத்த மாதிரியா என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் விலையைப் பற்றிப் பேசுவார். சாதாரண விலையில் பிளாண்டேஷன் ஏ கொட்டையை முழுதாக வாங்கி, பக்கத்துக் கடையில் அரைத்துக் கொள்கிறவருக்கு அந்த மூன்று மடங்கு விலை தேவையே இல்லை.

வீட்டு டப்பாவில் இருக்கும் வறுத்த தூளில் ஈரம் மிகக்குறைவு, அதில் பூஞ்சை வளராது. ஈரக்கரண்டி போட்டால் மட்டுமே கட்டிதட்டிக் கெடும். கவனிக்க வேண்டியது பில்டரின் மேல்பாகத்தில் தங்கிய சக்கை. வெள்ளிக்கிழமை டிகாஷன் போட்டுவிட்டு ஊருக்குப் போய்த் திங்களன்று திறந்தால் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். சக்கையைக் கொட்டிவிட்டு, சோப்பு போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, ஓட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கவிழ்த்து நன்றாகக் காயவைத்தபின் அடுத்த தூளைப் போடலாம்.